சாய்ந்த கையெழுத்தில் உள்ள பழைய குடும்பக் கடிதத்தைப் படத்திலிருந்து படியெடுப்பது எப்படி

ரொறன்ரோவிலிருக்கும் மச்சாள் ஒருநாள் வட்ஸ்அப்பில் இரண்டு படங்கள் அனுப்பினாள். அம்மப்பா ஒட்டுசுட்டானிலிருந்து கொழும்பில் எழுதுவினைஞராக இருந்த பெரிய மாமாவுக்கு எழுதிய கடிதம். மெல்லிய தாளில் முன்பக்கமும் பின்பக்கமும், மொத்தம் 41 வரிகள். ஒவ்வொரு எழுத்தும் வலப்பக்கம் காற்றில் சாய்ந்த நெற்பயிர்போலக் கிடந்தது. இடம்பெயர்வுகளில் எங்கள் வீட்டு றங்குப்பெட்டி போனதோடு இங்கிருந்த கடிதங்களும் போய்விட்டன. வன்னியில் பல குடும்பங்களுக்கு இப்போது மிஞ்சியிருப்பது யாரோ ஒருவர் வெளிநாட்டில் வைத்திருக்கும் தாளின் படம்தான். ஆகவே மூலத்தைக் கையில் தொடாமல், படத்தை மட்டும் வைத்துக்கொண்டு எப்படிப் படியெடுப்பது என்பதைச் சொல்கிறேன். அந்தக் கடிதத்தையே உதாரணமாக எடுத்துக்கொள்கிறேன்.

முதலில் சரியான படம்

வட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பும் படம் சுருங்கித்தான் வந்து சேரும். வெறும் கண்ணுக்கு நன்றாகத்தான் தெரியும். பெருப்பித்துப் பார்த்தால் மெய்யெழுத்தின் புள்ளி, எங்கள் பக்கத்தில் சொல்வதென்றால் குற்று, கரைந்து மங்கலாகிவிடும். சாய்ந்த கையெழுத்தில் அந்தக் குற்றுத்தான் பாதி உயிர். அதனால் படத்தை `Document` ஆக, அதாவது கோப்பாக, அனுப்பச் சொல்லுங்கள். மின்னஞ்சலில் இணைத்தாலும் சரி.

இன்னொருமுறை படமெடுக்க வாய்ப்பிருந்தால் மூன்று விஷயங்களைக் கேளுங்கள். தாளை யன்னலோரம் பகல் வெளிச்சத்தில் வைத்து, பிளாஷ் இல்லாமல், போனைத் தாளுக்கு நேர் மேலே பிடித்து எடுக்க வேண்டும். பின்பக்கத்தில் எழுத்து இல்லாவிட்டாலும் அதையும் எடுக்க வேண்டும். கடித உறை இருந்தால் அதன் இரு பக்கமும் வேண்டும்.

பின்பக்கத்தை ஏன் கேட்கிறேன் என்றால், மெல்லிய தாளில் பின்பக்க மை முன்பக்கத்தில் நிழலாகத் தெரியும். அந்த நிழலை எழுத்தென்று நினைத்து நான் ஒரு மாலைப் பொழுதையே வீணாக்கினேன். பின்பக்கப் படத்தை இடவலமாகத் திருப்பி முன்பக்கத்துக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் எந்தக் கோடு எந்தப் பக்கத்துக்குரியது என்று உடனே பிடிபடும்.

நிறத்தைப் பிரிப்பதும் சாய்வை நிமிர்த்துவதும்

மூலப்படத்தில் கை வைக்காதீர்கள். ஒரு பிரதி எடுத்து அதில்தான் எல்லாம்.

நிறப்படம் ஒன்றில் சிவப்பு, பச்சை, நீலம் என மூன்று அடுக்குகள் இருக்கின்றன. நீல மை சிவப்பு ஒளியை விழுங்கும். அதனால் சிவப்பு அடுக்கை மட்டும் தனியே எடுத்தால் மை கறுப்பாகத் தெரியும், தாளின் மஞ்சள் கறை வெளுத்து ஒதுங்கிவிடும். அம்மப்பாவின் கடிதத்தில் மேல்மூலையில் தேநீர் நிறத்தில் பெரிய கறை. சிவப்பு அடுக்கில் அது கிட்டத்தட்ட மறைந்து, அடியிலிருந்த திகதி வெளியே வந்தது. ஆனால் மை பழுப்பாக மாறியிருந்தால் இதற்கு எதிர்மாறாகச் செய்ய வேண்டும். பழைய கறுப்புநீல மைகள் இரும்புச் சத்துள்ளவை, காலத்தோடு துருநிறமாகிவிடும். அப்படிப்பட்ட மை சிவப்பு அடுக்கில் மங்கிப்போகும், நீல அடுக்கில்தான் தெரியும். அங்கே கறையும் சேர்ந்து கறுக்கும் என்பதையும் எதிர்பார்த்துக்கொள்ளுங்கள்.

GIMP என்ற படத்திருத்த மென்பொருளில் `Colors > Components > Decompose` என்ற இடத்தில் இதைச் செய்யலாம். கட்டளை தட்டெழுதிப் படத்தை மாற்றும் ImageMagick வைத்திருப்பவர்களுக்கு இரண்டு வரி போதும்:

```
magick kaditham.jpg -channel R -separate sivappu.png
magick sivappu.png -background white -shear 20x0 nimirththi.png
```

முதல் வரி சிவப்பு அடுக்கைப் பிரிக்கிறது. நீல அடுக்கு வேண்டுமானால் `R` இருக்கும் இடத்தில் `B` போடுங்கள். இரண்டாவது வரி சாய்வை நிமிர்த்துகிறது. 20 என்பது பாகை. பக்கத்தில் நன்றாகத் தெரியும் நெடுங்கோடுகள் நாலைந்தை எடுத்து, அவை செங்குத்திலிருந்து எவ்வளவு விலகியிருக்கின்றன என்று கண்ணால் மதித்துப் போட்டால் போதும். படம் நிமிராமல் இன்னும் சாய்ந்துவிட்டால் எண்ணுக்கு முன்னால் கழித்தல் குறி போடுங்கள்.

நிமிர்த்திய படத்தை முழுக் கடிதத்துக்கும் நம்பக் கூடாது. நிமிர்த்தும்போது சுழிகளின் வடிவமும் கொஞ்சம் மாறுகிறது. நான் சாய்ந்த படத்தில்தான் வாசித்தேன். சந்தேகமான சொல்லுக்கு மட்டும் நிமிர்த்திய படத்தைத் திறந்து பார்த்தேன்.

தெரிந்த சொற்களிலிருந்து தொடங்குதல்

முதல் வரியிலிருந்து எழுத்துக்கூட்டிக்கொண்டு போகவேண்டாம். கடிதத்தில் என்ன இருக்கும் என்று முன்கூட்டியே தெரிந்த இடங்கள் சில உண்டு. மேலே பிள்ளையார் சுழி அல்லது சிலுவை அடையாளம், திகதி, ஊர், ‘அன்புள்ள’ என்ற விளிப்பு, ‘நாங்கள் யாவரும் நலம்’ என்ற வழக்கமான வரி, விஷயத்துக்குள் இறங்கும் ‘நிற்க’, கடைசியில் ‘இப்படிக்கு’. இவற்றை வாசிக்க எழுத்துத் தெரியத் தேவையில்லை. அதனால்தான் எழுதியவரின் எழுத்தைப் பழக இவை நல்ல இடம்.

‘அன்புள்ள’ என்ற ஒரு சொல்லை மட்டும் எடுத்துப் பாருங்கள். அதில் ன் மேல் ஒரு குற்றும் ள் மேல் ஒரு குற்றும் இருக்க வேண்டும். அம்மப்பாவின் கையில் முதலாவது குற்று ‘பு’வின் தலைக்கு மேலும், இரண்டாவது குற்று கடைசி ‘ள’வுக்கு மேலும் விழுந்திருந்தன. கை வலப்பக்கம் ஓடும் வேகத்தில் குற்று ஒரு எழுத்து தள்ளி விழுகிறது. இதை அறியாமல் இருந்தபோது ‘எனக்கு’ என்பதை ‘எனககு’ என்று வைத்து, குவின் மேல் ஏன் குற்று என்று குழம்பிக்கொண்டிருந்தேன். அறிந்த பிறகு பக்கம் முழுக்கக் குற்றுகளை ஒரு எழுத்து இடப்பக்கம் தள்ளி வாசித்தேன். பாதிப் பக்கம் தானாகத் திறந்துகொண்டது.

இப்படி நிச்சயமான சொற்களிலிருந்து எழுத்துகளை வெட்டி ஒரு தாளில் ஒட்டுங்கள். கணினியில் ஒரு வெற்றுப் படத்தில் ஒட்டினாலும் சரி. அ, ன, ள, பு, கு, ர, அரவு, கொம்பு என்று ஒவ்வொன்றுக்கும் இரண்டு மூன்று மாதிரி இருந்தால் போதும். கால் என்று மற்றவர்கள் சொல்லும் ா ஐ நாங்கள் அரவு என்போம், இனி அந்தச் சொல்லையே வைத்துக்கொள்கிறேன்.

பட்டியலில் பழைய வடிவங்களுக்கு ஓர் இடம் ஒதுக்குங்கள். ணை, லை, ளை, னை ஆகியவற்றை முன்பு யானைத் தும்பிக்கைபோல ஒரு வளைவைத் தலையில் சேர்த்து எழுதினார்கள். ணா, றா, னா ஆகியவற்றில் அரவு தனியே நிற்காமல் எழுத்தோடு சுழித்து ஒட்டியிருக்கும். தமிழ்நாட்டில் 1978இல் அரசாணை வந்து இவை மாறின. இங்கே அதற்குப் பிறகும் பெரியவர்களின் கையில் அவை இருந்தன. தட்டெழுதும்போது சாதாரண லை, னா தான் போட வேண்டும். வடிவம்தான் வேறு, எழுத்து அதே எழுத்து.

ஒரு சொல், ஐந்து வாசிப்புகள்

எங்கள் கடிதத்தில் மிகவும் தொல்லை தந்தது பின்பக்கத்து ஆறாவது வரி. மச்சாள் வீட்டில் அதை இவ்வளவு காலமும் ‘பேரன் மாடு இரண்டும் நெடுங்கேணிப் பக்கம் நிக்குதெண்டு ஆள் வந்து சொன்னது’ என்று வாசித்து வந்திருக்கிறார்கள். பேரனுக்கு மாடு கொடுத்திருந்தார் என்று அதிலிருந்து ஒரு கதையும் வளர்ந்திருந்தது.

தாளில் உண்மையில் இருப்பது ஒரு கொம்பு, ஒரு ப, ஒரு நெடுங்கோடு, ஒரு ன. அவ்வளவுதான். பழைய கைகளில் கொம்பின் ஒற்றைச் சுழி, இரட்டைச் சுழி வேறுபாடு பல சமயம் இருக்காது. ரவும் அரவும் ஒரே நெடுங்கோடாகிவிடும். குற்றும் இல்லை. ஆகவே அந்த நான்கு குறிகளைப் பொன, போன, பொன், போன், பேரன் என்று எப்படியும் வாசிக்கலாம். பொன, போன் இரண்டும் அங்கே பொருள் தராது. மிஞ்சியவை ‘பொன் மாடு’, ‘போன மாடு’, ‘பேரன் மாடு’.

எது சரி என்று யோசிப்பதற்கு முன்னால், இந்தக் கை இதே சொற்களை வேறெங்கே எழுதியிருக்கிறது என்று தேடினேன். முன்பக்கம் நான்காவது வரியில் ‘போன கிழமை’ இருந்தது. கிழமை என்ற சொல் தெளிவாக இருந்ததால் அதற்கு முன்னால் நிற்பது போன தான். கடைசி வரியில் ‘பேரனுக்கு எங்கள் முத்தங்கள்’ இருந்தது, அதுவும் சந்தேகமில்லாதது. இரண்டு இடத்தையும் வெட்டி ஒன்றின்கீழ் ஒன்றாக வைத்து, நிமிர்த்திய படத்தில் பார்த்தேன். பேரனுக்கு என்பதில் உள்ள ர, அடியில் இடப்பக்கமாகச் சின்னதாக ஒரு வாலை இழுத்திருந்தது. போன என்பதில் உள்ள அரவு வால் இல்லாமல் நேரே நின்றது. முழுக் கடிதத்திலும் நிச்சயமான ர 19 கிடைத்தன. அவற்றில் 17க்கு வால் இருந்தது. மிச்ச இரண்டும் தாளின் மடிப்பில் இருந்தன. நிச்சயமான அரவு எதற்கும் வால் இல்லை.

ஆறாவது வரிச் சொல்லில் வால் இல்லை. அது மடிப்பிலும் இல்லை.

அதோடு, குற்று வலப்பக்கம் தள்ளி விழும் என்று முன்பே தெரியும். பேரன் அல்லது பொன் என்றால் ‘மா’வின் தலைக்கு மேல் ஒரு குற்று விழுந்திருக்க வேண்டும். அங்கே ஒரு கரும்புள்ளி இருந்தது உண்மைதான். பின்பக்கத்துக்குப் பின்பக்கம் முன்பக்கம் அல்லவா, அதைத் திருப்பி வைத்துப் பார்த்தபோது முன்பக்கத்து ‘சுகம்’ என்ற சொல்லின் குற்று அதே இடத்தில் ஊறியிருந்தது. ஆகவே ‘போன மாடு இரண்டும்’, அதாவது காணாமற்போன மாடுகள். அதற்கு மேல்வரியில் புயலில் பட்டி உடைந்த கதை இருக்கிறது. பேரனுக்கு அப்போது இரண்டு வயது என்பதையும் பிறகுதான் கணக்குப் பார்த்தேன்.

பொருளை வைத்துத் தொடங்கியிருந்தால் நானும் பேரனோடேயே நின்றிருப்பேன். பொருள் எப்போதும் ஒரு கதையைக் கட்டிவிடும். எழுத்தை முதலில் பார்த்து, பொருளைக் கடைசியில் சாட்சிக்குக் கூப்பிடுவதுதான் எனக்குச் சரியாக வந்தது.

தட்டெழுதும்போது

தாளில் ஒரு வரி என்றால் கோப்பிலும் ஒரு வரி. வரி எண்ணையும் போடுங்கள். பிறகு யாராவது ‘அது அப்படி இல்லையே’ என்றால் இடத்தை உடனே எடுத்துக் காட்டலாம். ஊகித்துப் போட்ட எழுத்தைச் சதுர அடைப்புக்குள் வையுங்கள். நிச்சயம் குறைவென்றால் உள்ளே ஒரு கேள்விக்குறி சேருங்கள். வாசிக்கவே முடியாத இடத்தில் எத்தனை எழுத்துப் போயிருக்கும் என்று மதித்து அத்தனை புள்ளிகள் போடுங்கள். எங்கள் ஆறாவது வரி கோப்பில் இப்படி இருக்கிறது:

```
பின் 6: போன மாடு இரண்டும் நெடுங்கேணிப்
பின் 7: பக்கம் நிக்குதெண்டு ஆள் வ[ந்]து சொன்னது
```

‘நிக்குதெண்டு’ என்பதை ‘நிற்கின்றதென்று’ ஆக்க வேண்டாம். அம்மப்பா எழுதியது அதைத்தான். இன்னொன்று, எங்கள் பெரியவர்கள் ஆங்கிலச் சொற்களை எழுதிய முறை. டவுன் என்பதை ரவுண் என்றும், டிக்கட் என்பதை ரிக்கற் என்றும், டோர்ச் என்பதை ரோச் என்றும் எழுதினார்கள். சொல்லின் தொடக்கத்தில் ர வந்து பொருள் பிடிபடாவிட்டால் அதை ட என்று ஒருதரம் வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். ‘ரவுணுக்குப் போய் ரோச் வாங்கினது’ என்ற வரி அப்படித்தான் எனக்குப் புரிந்தது. திருத்திய எழுத்தோடு வாசிக்க விரும்புகிறவர்களுக்கு வேறொரு கோப்புச் செய்து கொடுங்கள், முதற்கோப்பைத் தொடாதீர்கள்.

பாமினி போன்ற பழைய எழுத்துருவில் தட்டெழுதும் பழக்கம் இங்கே இன்னும் இருக்கிறது. கடிதத்தை அதில் வைக்காதீர்கள். அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் முழுக் கடிதமும் ஆங்கில எழுத்துக் குப்பையாகத்தான் தெரியும். யூனிகோட்டில் போட்டால் அந்தச் சிக்கல் இல்லை, சொல்லைத் தேடவும் முடியும்.

குறியீடுகளும் யூனிகோட்டில் உண்டு. நாளுக்கு ௳, மாதத்துக்கு ௴, வருடத்துக்கு ௵, மேற்படிக்கு ௸, ரூபாய்க்கு ௹. கடிதத்தில் கிறுக்கல்போல ஒரு சுழி எண்ணுக்குப் பக்கத்தில் நின்றால் முதலில் இவற்றோடு ஒப்பிடுங்கள். ஓரத்தில் நெற்கணக்கு இருந்தால் தமிழ் எண்களையும் நினைவில் வையுங்கள். ‘உரு புசல்’ என்று தெரிவது ௨௫ புசலாக, அதாவது 25 புசலாக இருக்கலாம். ௨ உவைப்போலவும் ௫ ருவைப்போலவும் இருக்கும்.

திகதியைச் சரிபார்த்தல்

கறைக்கு அடியிலிருந்து வெளியே வந்தது ‘குரோதி ௵ தை ௴’ என்பதும் ஒரு 5உம். 5க்கு முன்னால் ஒரு சின்னக் கோடு. அதை மச்சாள் 1 என்று எடுத்து 15 என்று வாசித்தாள். பக்கத்தில் ‘திங்கள்’ என்று தெளிவாக இருந்தது.

தமிழ் வருடங்கள் 60 ஆண்டுக்கு ஒருமுறை திரும்பி வரும். சில வருடங்களுக்கு முன், 2024 சித்திரையில் பிறந்ததும் குரோதிதான். அதிலிருந்து 60 கழித்தால் 1964 சித்திரையில் தொடங்கிய குரோதி. அதன் தை மாதம் 1965 ஜனவரி 14, வியாழக்கிழமை பிறந்தது. தை 5 என்றால் ஜனவரி 18, திங்கள். தை 15 என்றால் ஜனவரி 28, வியாழன். ஆகவே 5. முன்னால் இருந்த கோடு தாளின் கோடு. கிழமை எழுதியிருந்தால் இந்தக் கணக்கை ஒருபோதும் விடாதீர்கள், மங்கிப்போன எண்ணை வாசிக்க அதைவிட நல்ல சாட்சி கிடைக்காது.

கடிதத்தில் வரும் புயலும் ஒத்துப்போகிறது. 1964 டிசம்பர் 22, 23இல் இலங்கையின் வடபகுதியைக் கடந்து தனுஷ்கோடியை அழித்த அதே புயல். அதற்குப் பிறகு நான்கு கிழமைக்குள் எழுதிய கடிதம் இது.

திகதியே இல்லாத கடிதமென்றால் உறையையும் உள்ளே வரும் பெயர்களையும் பாருங்கள். முத்திரையில் இலங்கைக்குச் சிலோன் என்ற ஆங்கிலப் பெயர் இருந்தால் பெரும்பாலும் 1972 மே மாதத்துக்கு முந்தியது, அந்த மாதம்தான் குடியரசாகிப் பெயர் மாறியது. முல்லைத்தீவு தனி மாவட்டமானது 1978இல், கிளிநொச்சி 1984இல். முல்லைத்தீவு மாவட்டம் என்று எழுதியிருந்தால் கடிதம் 1978க்கு முந்தியதாக இருக்க முடியாது. வற்றாப்பளைப் பொங்கல் என்று வந்தால் மாதம் வைகாசியை ஒட்டியது. காலபோகமா சிறுபோகமா என்பதும் மாதத்தைச் சொல்லும்.

பெரியவர்களிடம் காட்டும்போது

நான் இந்த விஷயத்தில் ஒரு பிழை விட்டேன். தட்டெழுதிய கோப்பை அம்மாவிடம் கொடுத்து ‘சரியா பாருங்கோ’ என்றேன். அம்மா எல்லாம் சரி என்று சொல்லிவிட்டார். எழுதியிருப்பதை வாசித்தால் அது சரிபோலத்தான் இருக்கும். பிறகு பெருப்பித்த படத்தை மட்டும் கொடுத்து, என் வாசிப்பைச் சொல்லாமல், வாய்விட்டு வாசிக்கச் சொன்னேன். அப்போது மூன்று இடம் மாறியது. ஒன்று நான் ‘கிணறு’ என்று வைத்திருந்த சொல். அம்மா தயங்காமல் ‘கிடுகு’ என்றார். கூரை பறந்துபோன வீட்டுக்குக் கிடுகுதானே வேண்டும், ஆனாலும் எழுத்தோடு ஒப்பிட்டு, டு இருக்கிறதா என்று பார்த்த பிறகே மாற்றினேன்.

நினைவில் இருப்பதைத் தாளில் இருப்பதாக அவர்கள் சொல்லவும் கூடும். அம்மா ஓரிடத்தில் ‘சித்தியின் பெயர்’ என்றார். அங்கே மூன்று எழுத்துக்குத்தான் இடம், சித்தியின் பெயர் ஐந்தெழுத்து. அந்த இடத்தில் கோப்பில் இன்னும் மூன்று புள்ளிகள்தான் இருக்கின்றன. மூலத் தாளின் அந்த மூலையைப் பக்கவாட்டில் டோர்ச் அடித்து, பேனாமுனை அழுத்திய பள்ளம் தெரிகிற மாதிரி ஒரு படம் எடுத்து அனுப்பும்படி மச்சாளிடம் கேட்டிருக்கிறேன். அங்கே இப்போது பனிக்காலம், வீட்டு நிலவறைக்குள் இருக்கிற பெட்டியைத் தேட வேண்டுமாம்.